எழும்பூரில் எடுத்த டிக்கெட்டில் திருச்சியில் ஏறலாமா?

கேள்வி: "வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸ்ல எழும்பூர்ல இருந்து திருநெல்வேலிக்கு ரெண்டு பேருக்கு ஸ்லீப்பர் ஆன்லைன்ல புக் பண்ணிட்டேன் சார், கன்ஃபர்ம் ஆயிடுச்சு. இப்ப ஆபீஸ் வேலையா அன்னிக்கு நாங்க திருச்சியில இருப்போம். திருச்சியில ஏறிக்கலாமா? அதுக்கு எவ்வளவு பிடிப்பாங்க? இல்லைன்னா ஞாயிற்றுக்கிழமைக்கு மாத்திக்கலாமா?"

தாராளமாகத் திருச்சியில் ஏறலாம். அதற்கு ஒரு ரூபாய்கூடப் பிடிக்க மாட்டார்கள். அதே சமயம், எழும்பூரிலிருந்து திருச்சி வரைக்குமான கட்டணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பியும் வராது. நீங்கள் வாங்கியது எழும்பூர் டிக்கெட். ஏறும் இடத்தை மட்டும் தள்ளி வைக்கிறீர்கள், அவ்வளவுதான்.

செய்யும் முறை சுலபம். ஐஆர்சிடிசி தளத்தில் உள்ளே போய் My Transactions, அதில் Booked Ticket History. உங்கள் டிக்கெட்டைத் தொட்டால் Change Boarding Point என்று இருக்கும். அதைத் திறந்தால் வண்டி நிற்கும் ஊர்களின் பட்டியல் விரியும். திருச்சி அங்கே TPJ என்ற குறியீட்டோடு இருக்கும். தேர்ந்தெடுத்து உறுதி செய்தால் முடிந்தது. கவுன்டரில் எடுத்த டிக்கெட் என்றாலும் ஆன்லைனில் மாற்ற வழி இருக்கிறது. ஆனால் டிக்கெட் எடுக்கும்போது படிவத்தில் எழுதிக் கொடுத்த மொபைல் எண்ணுக்குத்தான் ஓடிபி வரும். அந்த எண் கையில் இல்லையென்றால் நேரே முன்பதிவு அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசியுங்கள். இந்த மாற்றத்தை ஒரே ஒரு முறைதான் செய்ய முடியும். மாற்றிய பிறகு எழும்பூரில் ஏறும் உரிமை உங்களுக்குக் கிடையாது. எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் விழுப்புரத்துக்கு மாற்றினார். கடைசி நேரத்தில் விழுப்புரம் வேலை ரத்தாகிவிட்டது. 'நம்ம டிக்கெட்தானே' என்று எழும்பூரிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். டிடிஇ கையில் இருக்கும் கருவியில் அவர் பெயருக்கு நேரே விழுப்புரம் என்று இருக்கிறது. எழும்பூரிலிருந்து விழுப்புரம் வரைக்கும் டிக்கெட் இல்லாமல் வந்ததாகத்தான் கணக்கு. அந்தத் தூரத்துக்குக் கட்டணமும் அபராதமும் கட்ட வைத்தார்கள். முழுக் கட்டணம் கொடுத்தவருக்கு இது அநியாயமாகத்தான் தோன்றும். ஆனாலும் விதி அப்படித்தான். அதனால் ஆபீஸ் வேலை உறுதியான பிறகு மாற்றுங்கள்.

சரி, மாற்றாமலேயே விட்டுவிட்டுத் திருச்சியில் போய் ஏறினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அது அதைவிட ஆபத்து. எழும்பூரில் ஏற வேண்டியவர் வரவில்லை என்றால், ஒன்றிரண்டு நிறுத்தம் பார்த்துவிட்டு டிடிஇ 'வரவில்லை' என்று குறித்துவிடுவார். உங்கள் பெர்த் ஆர்ஏசியில் உட்கார்ந்திருப்பவருக்குப் போய்விடும். நீங்கள் திருச்சியில் ஏறும்போது அங்கே ஒருவர் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பார். அவரை எழுப்பிச் சண்டை போட்டுப் பயனில்லை, நியாயம் அவர் பக்கம்.

அடுத்தது தேதி. இந்த வண்டியில் நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். நெல்லை எக்ஸ்பிரஸ் வெள்ளிக்கிழமை இரவு எழும்பூரில் கிளம்புகிறது; திருச்சிக்கு வருவதோ நள்ளிரவு தாண்டி. அப்போது நாள்காட்டியில் சனிக்கிழமை ஆகிவிடும். டிக்கெட்டில் வெள்ளிக்கிழமைத் தேதி இருக்கிறதே என்று, வெள்ளிக்கிழமை அதிகாலையில் திருச்சி ஸ்டேஷனில் போய் நின்றால், அங்கே வந்து நிற்பது முந்தின நாள் வண்டி. அதில் உங்களுக்கு இடம் கிடையாது. நீங்கள் போக வேண்டியது வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு.

இதே குழப்பம் மாற்றுவதற்கான கெடுவிலும் உண்டு. சார்ட், அதாவது பயணிகள் பட்டியல், போடுவதற்குள் மாற்றிவிடுவதுதான் பாதுகாப்பு. 'ராத்திரி ஒன்றரை மணிக்குத்தானே திருச்சி, சாயங்காலம் மாற்றிக்கொள்ளலாம்' என்று இருந்துவிடாதீர்கள். சார்ட் போடுவது திருச்சி நேரத்தை வைத்து இல்லை, வண்டி எழும்பூரில் புறப்படும் நேரத்தை வைத்து. முன்பெல்லாம் புறப்பாட்டுக்கு 4 மணி நேரம் முன்னால்தான் முதல் சார்ட் வரும். 2025 ஜூலையிலிருந்து அதை 8 மணி நேரமாக முன்னுக்குத் தள்ளினார்கள், அப்புறம் இன்னும் முன்னுக்கு வந்தது. இரவு வண்டிக்கு அன்று முற்பகலிலேயே சார்ட் தயாராகிவிடலாம். அதனால் வியாழக்கிழமையே மாற்றி முடித்துவிடுங்கள்.

நீங்கள் இரண்டு பேர் என்றீர்கள். இரண்டு பேரும் ஒரே பிஎன்ஆரில் இருந்தால் மாற்றம் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் நடக்கும். ஒருவர் எழும்பூரிலும் மற்றவர் திருச்சியிலும் ஏறுவதாக இருந்தால் மாற்றவே வேண்டாம். எழும்பூரில் ஏறுகிறவர் டிடிஇ வரும்போது 'இன்னொருவர் திருச்சியில் வருகிறார்' என்று சொல்லிவைத்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் அது அவர் காட்டும் அனுசரணை, உங்கள் உரிமை இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை விஷயம். தேதி மாற்றம் என்று பழைய விதிகளில் இருப்பது கவுன்டர் டிக்கெட்டுக்கு மட்டும். வண்டி புறப்பட 48 மணி நேரத்துக்கு முன்னால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு முன்பதிவு அலுவலகத்துக்குப் போனால், புதுத் தேதியில் இடம் இருக்கும் பட்சத்தில், ஒரே ஒரு முறை மாற்றித் தருவார்கள். அதே ஊருக்கு, அதே வகுப்பிலோ அதற்கு மேலான வகுப்பிலோதான். புதிதாக ரிசர்வேஷன் கட்டணமும், டிக்கெட் விலையில் வித்தியாசம் இருந்தால் அதுவும் கட்ட வேண்டும். ஆன்லைன் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு அங்கே போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆன்லைன் டிக்கெட்டுக்கும் தேதி மாற்றும் வசதி தருவதாக ரயில்வே அமைச்சர் 2025 அக்டோபரில் அறிவித்தார். தனிக் கட்டணம் கிடையாது, விலை வித்தியாசம் மட்டும் கட்ட வேண்டும், புதுத் தேதியில் கன்ஃபர்ம் ஆகும் என்று உத்தரவாதமும் இல்லை என்பதுதான் அந்த அறிவிப்பு. உங்கள் டிக்கெட்டுக்குக் கீழே அந்தப் பொத்தான் தெரிந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். தெரியவில்லையென்றால் இருக்கும் ஒரே வழி, ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுப்பது.

அதற்கு என்ன செலவு? பயண நாளுக்குப் பல நாள் முன்னாலேயே ரத்து செய்தால், கன்ஃபர்ம் ஆன ஸ்லீப்பருக்கு ஆளுக்கு 120 ரூபாய் பிடிப்பார்கள். இரண்டு பேருக்கு 240. மூன்றடுக்கு ஏசி என்றால் ஆளுக்கு 180, கூடவே ஜிஎஸ்டி. புக் பண்ணும்போது கட்டிய கன்வீனியன்ஸ் ஃபீ திரும்ப வராது. புது டிக்கெட்டுக்கு அதை மறுபடியும் கட்ட வேண்டும். புறப்படும் நேரம் நெருங்க நெருங்க, பிடித்தம் டிக்கெட் விலையில் கால் பங்கு, பாதி என்று ஏறிக்கொண்டே போகும். தட்கலில் எடுத்த கன்ஃபர்ம் டிக்கெட்டுக்கு ரத்து செய்தால் ஒன்றும் வராது.

இதில் வரிசை முக்கியம். முதலில் ஞாயிற்றுக்கிழமைக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புது டிக்கெட்டை எடுத்து, கன்ஃபர்ம் என்று கண்ணால் பார்த்த பிறகு வெள்ளிக்கிழமை டிக்கெட்டை ரத்து செய்யுங்கள். வார இறுதியில் நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். முதலில் ரத்து செய்துவிட்டுத் தேடப் போனால், கையில் இருந்த பெர்த்தும் போய் வெயிட்டிங் லிஸ்ட்டில் நிற்பீர்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் வெள்ளிக்கிழமை டிக்கெட்டையே வைத்துக்கொண்டு, வியாழக்கிழமை காலையில் போர்டிங்கைத் திருச்சிக்கு மாற்றியிருப்பேன். மாற்றிய பிறகு டிக்கெட்டை மறுபடியும் பதிவிறக்கம் செய்து, Boarding என்ற இடத்தில் திருச்சி வந்திருக்கிறதா, பக்கத்தில் சனிக்கிழமைத் தேதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.