பாரத்தில் பேனா எங்கே நிற்கிறது?

நேயர்களே, வணக்கம். நான் பினாங்குக்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வருகிறவர்களுக்குப் பாரம் நிரப்பிக் கொடுப்பது எனக்குப் பல வருஷப் பழக்கம். அதனால் எனக்கு ஒரு நோய் பிடித்துவிட்டது. எந்தப் பாரத்தைக் கையில் கொடுத்தாலும் நிரப்புவதற்கு முன்னால் பென்சிலை எடுத்து, இந்தக் கேள்விக்கு ஜனங்கள் எப்படி எப்படியெல்லாம் பதில் எழுதுவார்கள் என்று ஓரத்தில் குறிக்க ஆரம்பித்துவிடுவேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்லப் போகிறேன். சட்டம், கொள்கை எல்லாம் வேண்டாம், கட்டத்துக்கு மேலே போட்டிருக்கிற அந்த ஒரு வரியை மட்டும் பார்ப்போம்.

முதலில், கேட்டதையே திரும்பக் கேட்பது. ஒன்றாம் கேள்வி பெயர், இரண்டாம் கேள்வி அடையாள அட்டை எண், மூன்றாவது பிறந்த தேதி, நான்காவது வயது, ஐந்தாவது ஆணா பெண்ணா. உங்கள் மைகார்டை எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டு இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில். அடுத்த இரண்டு பிறந்த இடம், 07 என்றால் பினாங்கு. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஆக இரண்டாம் கேள்விக்குப் பதில் எழுதிய கையோடு அடுத்த மூன்றுக்கும் பதில் வந்துவிட்டது. அப்புறம் எதற்குக் கேட்கிறார்கள்?

‘சரிபார்க்க’ என்பார்கள். சரி, சரிபார்த்து என்ன செய்வார்கள்? ஒரு பாட்டியின் கதையைக் கேளுங்கள், எனக்கு இது ரொம்பப் பிடித்த கதை. எஸ்டேட்டில் பிறந்தவர். அந்தக் காலத்தில் பிள்ளை பிறந்து சில மாதம் கழித்து யாராவது போய்ப் பதிந்துவிட்டு வருவார்கள், பதிந்த நாளே பிறந்த நாளாகிவிடும். பாட்டியின் அட்டையில் 540712 என்று இருக்கிறது, அதாவது ஜூலை 12. பாட்டியோ தைப்பூசத்தன்று பிறந்தவர், வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மூன்றாவது கேள்வியில் ‘பிறந்த தேதி’ என்று இருந்ததா, பேரனிடம் சொல்லி ஜனவரியில் ஒரு தேதியை எழுத வைத்துவிட்டார். பாரம் திரும்பி வந்தது. காரணம், ‘விவரம் முரண்’. பாட்டி என்னிடம் கேட்டார், “தம்பி, என்னைக்குப் பொறந்தேன்னு கேட்டாங்க, சொன்னேன். இதுல என்ன தப்பு?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தப்பு பாட்டியிடம் இல்லை. அந்தக் கேள்வியே இல்லாதிருந்தால் அந்த முரணே வந்திருக்காது. ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் கேட்டால் இரண்டு பதில் வர நீங்களே வழி செய்து கொடுக்கிறீர்கள்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். அட்டை எண்ணில் வருஷத்துக்கு இரண்டு இலக்கம்தான். 25 என்றால் 1925ஆ 2025ஆ என்று எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நூறு வயதுத் தாத்தாவும் கைக்குழந்தையும் ஒரே பாரத்தை நிரப்புகிற அலுவலகமாக இருந்தால் வருஷத்தைக் கேட்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அப்போதும் கட்டத்துக்குப் பக்கத்தில் ‘அடையாள அட்டையில் உள்ளபடி’ என்று போட வேண்டும். அந்த இரண்டு மூன்று வார்த்தை இருந்திருந்தால் பாட்டி ஜூலையை எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். ‘குடும்ப மாத வருமானம்’. பக்கத்தில் ஒரு கட்டம், முன்னால் ஆர்.எம். என்று அச்சடித்திருக்கும், அவ்வளவுதான். பிறை வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் ஒருவரை வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 2,500 ரிங்கிட், ஓவர்டைம் 420, அலவன்ஸ் 150, கூட்டினால் 3,070. இ.பி.எஃப்., சொக்சோ எல்லாம் பிடித்துக்கொண்டு கைக்கு வருவது 2,750 சொச்சம். மனைவி வீட்டில் பலகாரம் போட்டு மாதம் 600 பார்க்கிறார். கோலாலம்பூரில் வேலை செய்யும் மகன் 300 அனுப்புகிறான். இப்போது அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்?

2,500 என்பார் ஒருவர், ஏனென்றால் ஓவர்டைம் மாதா மாதம் கிடைக்காது. 2,750 என்பார் இன்னொருவர், கைக்கு வருவதுதானே வருமானம். 3,070 என்றும் எழுதலாம், மனைவியுடையதைச் சேர்த்து 3,670 என்றும் எழுதலாம், மகன் பணத்தையும் கூட்டி 3,970 என்றும் எழுதலாம். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் உதவிக்கு வரம்பு 3,000 என்று இருந்தால் முதல் இரண்டு பேருக்குக் கிடைக்கும், மற்றவர்களுக்குக் கிடைக்காது. ஒரே வீடு, ஒரே சம்பளம். இதில் இன்னொரு சங்கடம், ஒரு திட்டத்தில் கணவன் மனைவியை மட்டும் கணக்கில் எடுப்பார்கள், வேறொன்றில் ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் எல்லாரையும் எடுப்பார்கள். எது என்பதை அந்தந்தப் பாரம்தான் சொல்ல வேண்டும், நாம் ஊகிக்க முடியாது.

எப்படித் திருத்தலாம்? ஒரு கேள்வியை மூன்றாக உடைக்க வேண்டும். உங்கள் சம்பளம், துணைவர் சம்பளம், மற்ற வரவு. முதல் கட்டத்துக்கு மேலே, ‘சென்ற மாதச் சம்பளச் சீட்டில், பிடித்தங்களுக்கு முன் உள்ள மொத்தத் தொகை’ என்று எழுதுங்கள். பதில் எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. கீழே ஓர் உதாரணம்: ‘2,500 + 420 + 150 = 3,070’. சம்பளச் சீட்டே இல்லாத லாரி ஓட்டுநருக்கும் பலகாரக் கடைக்காரருக்கும் ‘கடைசி மூன்று மாத வரவைக் கூட்டி மூன்றால் வகுக்கவும்’ என்று இன்னொரு வரி. கூட்டுவதை அலுவலகம் பார்த்துக்கொள்ளட்டும். பாரம் நாலு வரி நீளும், நீளட்டுமே, முகப்பில் நின்று விளக்குகிற நேரத்தைவிட அது குறைவுதான்.

உதாரணம் என்றதும் ஒரு எச்சரிக்கை. உதாரணத்தைக் கட்டத்துக்கு உள்ளே போடாதீர்கள். இணையப் பாரங்களில் இது பெரிய தொல்லை, கட்டத்துக்குள் மங்கலாக ஓர் எண் தெரியும். சிலர் அதை ஏற்கெனவே நிரப்பியாகிவிட்டது என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மற்றவர்கள் தட்டச்சு செய்ய ஆரம்பித்ததும் உதாரணம் மறைந்துபோகிறது, சந்தேகம் வரும்போது பார்ப்பதற்கு அது இல்லை. வெளியே, மேலே அல்லது பக்கத்தில், அங்கேதான் இருக்க வேண்டும். இன்னொன்று, பெயருக்கு உதாரணம் கொடுத்தால் ‘பின்’ போட்ட மலாய்ப் பெயர் ஒன்றோடு நிறுத்தாமல், மகன் என்பதற்கு ஏ/எல், மகள் என்பதற்கு ஏ/பி போட்ட பெயரும் ஒன்று கொடுங்கள், நம்மவர்கள் தகப்பன் பெயரை எந்தக் கட்டத்தில் போடுவது என்று திண்டாடுகிறார்கள்.

தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார். ‘தேவையற்றதை வெட்டுக’ என்ற வாசகத்தைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன், ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வேண்டியதையே வெட்டிவிடுகிறவர்கள் நிறைய, அதனால் அதை எடுத்துவிட்டு ‘பொருந்துவதற்கு டிக் போடவும்’ என்று மாற்றுங்கள்.

அப்புறம், அலுவலகத்தில் பாரம் தயாரிக்கிறவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் இதைச் செய்து பாருங்கள். கோப்பிலிருந்து பழைய பாரங்கள் இருபதை எடுத்து, எந்தக் கட்டம் காலி, எதில் அடித்துத் திருத்தியிருக்கிறது, எதில் முகப்பு ஊழியரின் கையெழுத்து இருக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு புதிய பாரத்தை வெளியாள் ஐந்து பேரிடம் கொடுத்து, வாய்விட்டுப் படித்துக்கொண்டே நிரப்பச் சொல்லுங்கள். நீங்கள் விளக்கக் கூடாது, அதுதான் கஷ்டம், பேனா நிற்கிற இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.