மீட்டர் சொல்ற 1.5 வோல்ட்டை நம்பாதீங்க: எல்இடியும் மோட்டாரும் பிடபிள்யூஎம்மும்

[திரையில்: பிரெட்போர்டு, ஒரு நீல எல்இடி, மல்டிமீட்டர், பக்கத்துல ஒரு பென்சில் பேட்டரி]

வணக்கம். மேசையில ரெண்டு சமாச்சாரம் வச்சிருக்கேன். ஒண்ணு புது பென்சில் பேட்டரி. மீட்டர் வச்சா 1.5 வோல்ட்டுக்கு மேல கொஞ்சம் காட்டுது. இன்னொண்ணு அர்டுயினோ ஊனோ. அதோட ஒன்பதாம் பின்ல `analogWrite(9, 77)` போட்டிருக்கேன். அங்கயும் மீட்டர் காட்டுறது கிட்டத்தட்ட அதே 1.5 தான்.

இப்ப நீல எல்இடியை 220 ஓம் ரெசிஸ்டரோட பேட்டரியில தொடுறேன். ஒண்ணும் இல்லை. நீல எல்இடிக்குக் கிட்டத்தட்ட 3 வோல்ட் வேணும், 1.5 அதுக்குப் பத்தாது. அதே எல்இடியை ஒன்பதாம் பின்ல மாட்டுறேன்.

[எல்இடி எரிகிறது]

எரியுது. மீட்டர்ல ரெண்டும் ஒரே எண்தான், ஆனா ஒண்ணுல எரியுது, ஒண்ணுல எரியல. அப்ப மீட்டர் பொய் சொல்லுதா? பொய் இல்லை, சராசரி எடுத்துச் சொல்லுது. அந்தப் பின்ல 1.5 வோல்ட்ங்கிறது ஒரு நொடிகூட இருந்ததில்லை. அங்க இருக்கிறது 5 வோல்ட், இல்லன்னா பூஜ்யம். நூத்துல முப்பது பங்கு நேரம் 5, மிச்ச நேரம் பூஜ்யம். எல்இடி அந்த 5 வோல்ட் வர்றப்ப எல்லாம் முழுசா எரிஞ்சு அணையுது. இப்படி ஆன் ஆஃப் பண்ணிச் சராசரியை மாத்துறதுக்குத்தான் பிடபிள்யூஎம்னு பேரு, இந்த முப்பது சதவீதத்துக்கு டியூட்டின்னு பேரு.

இந்த வீடியோ முழுக்க ஒரே ஒரு கேள்விதான்: அந்தச் சராசரியை யார் எடுக்குறாங்க? மீட்டர்ல மீட்டர் எடுக்குது. எல்இடியில நம்ம கண்ணு எடுக்குது. மோட்டார்ல மோட்டாரே எடுக்குது. ஆளுக்கு ஆள் எடுக்குற விதம் வேற. தப்பு நடக்குற இடமெல்லாம் அங்கதான்.

[திரையில்: மேலே ஏறி, கீழே இறங்கும் முக்கோணக் கோடு, குறுக்கே ஒரு கிடைக்கோடு]

முதல்ல இந்தத் துடிப்பு எப்படி உருவாகுதுன்னு பார்த்துடலாம். சிப்புக்குள்ள டைமர்னு ஒண்ணு இருக்கு. பேர் பெருசா இருந்தாலும் வேலை எண்ணுறது மட்டும்தான். 0, 1, 2ன்னு 255 வரைக்கும் ஏறும், அப்புறம் 255-ல இருந்து பூஜ்யத்துக்கு இறங்கும். நீங்க குடுத்த 77, பக்கத்துல ஒரு பெட்டியில உக்காந்திருக்கும். எண்ணிக்கை 77-க்குக் கீழ இருக்கிற வரைக்கும் பின் ஆன், தாண்டினா ஆஃப். இதுல உங்க புரோகிராமுக்கு எந்த வேலையும் கிடையாது. `loop()` வேற எதையாவது செஞ்சுக்கிட்டு இருக்கட்டும், டைமர் பாட்டுக்கு எண்ணும்.

ஊனோவோட கடிகாரம் 16 மெகாஹெர்ட்ஸ். அர்டுயினோ அதை 64-ஆல வகுத்துதான் டைமருக்குக் குடுக்குது. அதனால ஒரு எண்ணுக்கு 4 மைக்ரோ செகண்ட். ஏறி இறங்க 510 எண், ஆக 2040 மைக்ரோ செகண்ட். அதாவது நொடிக்கு 490 தடவை. அஞ்சாம் பின்லயும் ஆறாம் பின்லயும் மட்டும் எண்ணிக்கை ஏறினதும் நேரா பூஜ்யத்துக்கு விழுந்துடும், அதனால அங்க 976.

[திரையில்: இருட்டு அறை, எல்இடியைக் கையில் பிடித்து வீசுகிறார்]

நொடிக்கு 490 தடவை அணைஞ்சு எரியுறதைக் கண்ணால பிடிக்க முடியாது. ஆனா இருட்டுல எல்இடியை இப்படி வேகமா வீசுங்க. கோடு வராது, புள்ளி புள்ளியா வரும். அந்தப் புள்ளிகளுக்கு நடுவுல இருக்கிற இருட்டுதான் அந்த எழுபது சதவீதம்.

கண்ணு எடுக்குற சராசரியில ஒரு கோணல் இருக்கு. 128 குடுத்தா வெளிச்சம் நிஜமாவே பாதிதான். ஆனா பார்க்கிறப்ப பாதியாத் தெரியாது, முக்காலுக்கும் கிட்டத் தெரியும். நம்ம கண்ணு மங்கலான வெளிச்சத்துல ரொம்ப நுணுக்கமாப் பார்க்கும், பளிச்சுன்னு இருக்கிறப்ப அசட்டையா விட்டுடும். பாதி வெளிச்சம் மாதிரி *தெரியணும்*னா 56 பக்கம் குடுக்கணும். இந்தக் கணக்குக்குப் பொதுவா 2.2-ங்கிற அடுக்கைப் போடுவாங்க:

```
int v = pow(x / 255.0, 2.2) * 255 + 0.5;
analogWrite(9, v);
```

`x` உங்க கண்ணுக்கு வேண்டிய அளவு, `v` பின்னுக்குப் போற அளவு. இதைப் போட்டதும் அடியில ஒரு குறை தெரியும். மெதுவா அணையுறப்ப கடைசியில படி படியா இறங்கும். 2-ல இருந்து 1-க்குப் போறதுன்னா வெளிச்சம் ஒரே அடியா பாதியாகுது, வழுவழுன்னு எப்படி இறங்கும்? 255 படி பத்தலை. அதுக்குத் தீர்வு மோட்டாருக்குப் போறப்ப தானா வந்துடும்.

[திரையில்: மஞ்சள் கியர் மோட்டார், நாலு பேட்டரி பெட்டி]

பொம்மைக் காருக்குப் போடுற இந்த மஞ்சள் கியர் மோட்டார் உங்களுக்குத் தெரியும். இதை நேரா பின்ல மாட்டாதீங்க. பின் தாங்குற உச்ச வரம்பே 40 மில்லிஆம்ப். இது சும்மா சுத்துறதுக்கே அதைப் போல பல மடங்கு கேட்கும், சக்கரத்தைக் கையால பிடிச்சா ஆம்ப் கணக்குல போகும். அதனால நடுவுல சுவிட்ச் மாதிரி ஒரு மாஸ்ஃபெட் வேணும். நான் போட்டிருக்கிறது IRLZ44N. அந்த L-ஐப் பார்த்து வாங்குங்க, 5 வோல்ட்லயே முழுசாத் திறக்கும்னு அர்த்தம். கடையில சுலபமாக் கிடைக்கிற IRF520 10 வோல்ட்டுக்குச் செஞ்சது. 5 வோல்ட்ல அரைகுறையாத் திறந்து சூடாகும்.

இணைப்பு இதுதான். நாலு பேட்டரியோட பிளஸ், மோட்டாருக்கு. மோட்டாரோட அடுத்த முனை மாஸ்ஃபெட்டோட டிரெயினுக்கு. சோர்ஸ் பேட்டரி மைனஸுக்கு. அர்டுயினோவோட கிரவுண்டும் அதே மைனஸுக்கு. இந்தக் கடைசி ஒயரை மறக்காதவங்க இல்லை. மறந்தா மோட்டார் அசையாம கிடக்கும், இல்லன்னா கிறுக்குப் பிடிச்ச மாதிரி ஆடும். ஒன்பதாம் பின்ல இருந்து மாஸ்ஃபெட்டோட கேட்டுக்கு 220 ஓம். கேட்ல இருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம், அர்டுயினோ விழிக்கிறதுக்குள்ள மோட்டார் தானா ஓடாம இருக்க.

அப்புறம் டயோடு, மோட்டாருக்குக் குறுக்க, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். இதைப் பாதுகாப்புக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடுவாங்க. அது பாதிக் கதைதான்.

தையல் மெஷின் மிதிச்சிருக்கீங்களா? கால் விட்டு விட்டுத்தான் அழுத்துது, ஆனா சக்கரம் விடாம சுத்துது. மோட்டார்ல கம்பிச் சுருள் மின்னோட்டத்துக்கு அந்தச் சக்கரம் மாதிரி. மாஸ்ஃபெட் மூடினாலும் சுருள்ல ஓடுற மின்னோட்டம் உடனே நிக்காது. போக வழி இல்லன்னா வோல்டேஜ் எகிறி மாஸ்ஃபெட்டைக் குத்தும், அர்டுயினோ ரீசெட் ஆகும். டயோடு இருந்தா அது வழியா சுத்தி மறுபடி மோட்டாருக்கே வந்துடும். அதாவது ஆஃப் நேரத்துலயும் மோட்டாரை இழுக்கிறது இந்த மின்னோட்டம்தான். சராசரி எடுக்கிறது சுருளும் டயோடும் சேர்ந்து.

[மோட்டார் ஓடுகிறது, கீச்சென்ற சத்தம்]

கேட்குதா? ஙீ...ன்னு. பேரிங் போயிடுச்சுன்னு மோட்டாரைக் கழட்டினவங்க உண்டு. இது அந்த 490-தான். மின்னோட்டம் நொடிக்கு 490 தடவை ஏறி இறங்குறதால சுருள் அதிருது, அது நம்ம காதுக்கு எட்டுற சுருதி. 20,000-க்கு ஏத்திட்டா காது விட்டுடும். அதுக்கு `analogWrite` பத்தாது, டைமரை நாமளே அமைக்கணும்:

```
void setup() {
  pinMode(9, OUTPUT);
  TCCR1A = (1 << COM1A1) | (1 << WGM11);
  TCCR1B = (1 << WGM13) | (1 << WGM12) | (1 << CS10);
  ICR1 = 799;     // 16000000 / 800 = 20000
  OCR1A = 400;    // 50%
}
void loop() {}
```

64-ஆல வகுக்கிறதை எடுத்தாச்சு, 255-க்குப் பதில் 799 வரைக்கும் எண்ணச் சொல்லியாச்சு. இனி வேகத்தை `OCR1A`-ல மாத்துங்க. படியும் 800 ஆயிடுச்சு, எல்இடி கடைசியில படி இறங்கினது மூணுல ஒரு பங்காயிடும்.

[சத்தம் நின்று மோட்டார் மட்டும் ஓடுகிறது]

இதே வேலையை அஞ்சாம், ஆறாம் பின்ல செய்யப் போகாதீங்க. அந்த டைமரை வச்சுத்தான் `millis()`-உம் `delay()`-உம் நேரம் பார்க்குது. நான் ஒரு தடவை அங்க வகுத்தலை எடுத்துட்டு, `delay(1000)` ஏன் இமைக்கிறதுக்குள்ள முடியுதுன்னு ராத்திரி பூரா முழிச்சேன். 64 மடங்கு வேகமா ஓடினா முடியாம என்ன செய்யும்! ஒன்பது, பத்துல அந்தச் சிக்கல் இல்லை. ஆனா `Servo` லைப்ரரிக்கும் இதே டைமர்தான் வேணும், ரெண்டும் சேர்ந்து ஓடாது.

20,000-ல வேற ரெண்டு விஷயம் மாறுது. ஒண்ணு, டயோடு. பழைய 1N4007 மூடிக்கிறதுக்கே பல மைக்ரோ செகண்ட் எடுக்கும். ஒரு சுற்றே 50 மைக்ரோ செகண்டுங்கிறப்ப, அது மூடுறதுக்குள்ள மாஸ்ஃபெட் திறந்துடும், பேட்டரி ஒரு கணம் ரெண்டு வழியா ஷார்ட் ஆகும். டயோடு சுடும். 1N5819 போடுங்க. ரெண்டாவது, கேட். அதை நிரப்ப 220 ஓம் வழியா 5 மைக்ரோ செகண்ட் வரைக்கும் ஆகலாம், காலியாக்க அதே மாதிரி. 490-ல 2040-க்கு 10, ஒண்ணுமே இல்லை. 20,000-ல 50-க்கு 10. அந்த நேரமெல்லாம் மாஸ்ஃபெட் அரைக் கதவு. கால் ஆம்ப் மோட்டாருக்குத் தொட்டா வெதுவெதுப்பு, அவ்வளவுதான். பெரிய மோட்டார்னா தனியா கேட் டிரைவர் வேணும்.

இன்னொரு மாற்றம் உங்களைக் குழப்பும். குறைஞ்ச வேகத்துல 490-ல தட்டித் தட்டியாவது கிளம்பின மோட்டார், 20,000-ல கிளம்பாம நிக்கலாம். முன்னாடி வந்த ஒவ்வொரு துடிப்பும் ஒரு குலுக்கல், இப்ப மின்னோட்டம் வழவழன்னு ஆயிடுச்சு, உராய்வை உதற ஆள் இல்லை. கிளம்புறப்ப மட்டும் முழுசாக் குடுத்துட்டு இறக்குங்க:

```
OCR1A = 799; delay(100);
OCR1A = 200;
```

நிறுத்துறதுக்கு `OCR1A = 0` போடுவீங்க. மோட்டார் நின்னுடும். ஆனா அதே பின்ல எல்இடியை மாட்டி விளக்கை அணைச்சுப் பாருங்க.

[இருட்டில் மிக மங்கலான நீலப் புள்ளி]

இந்த டைமர் பூஜ்யத்துலயும் சுற்றுக்கு ஒரு எண் ஆன் ஆகும், 62.5 நானோ செகண்ட். மாஸ்ஃபெட் திறக்க அது பத்தாது, எல்இடி மினுங்கப் போதும். `analogWrite(9, 0)` இந்தச் சங்கடம் நமக்குத் தெரியாம பின்னை டைமர்ல இருந்து கழட்டி அணைச்சுடும். நாம கையால கழட்டணும்:

```
TCCR1A &= ~(1 << COM1A1);
```

[புள்ளி மறைகிறது]