மேல் கண்ணாடிக்கு ஒரு ஷாட், முன் கண்ணாடிக்கு ஒரு ஷாட்: நகைக்கடையில் ஒரு காலை

வணக்கம் மக்களே. மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் ஒரு சின்ன நகைக்கடைக்குள் நிற்கிறேன். மணி காலை எட்டு, கடை இன்னும் திறக்கவில்லை, ஷட்டரை முக்கால்வாசி இறக்கி வைத்திருக்கிறோம், ஏனென்றால் வெளிவெயில் உள்ளே வந்தால் எதிர்க்கடை போர்டு, போகிற பைக் எல்லாம் கண்ணாடியில் வந்து உட்கார்ந்துவிடும்.

போன வாரம் எடுத்த படத்தைப் பாருங்கள், சிரிக்கக் கூடாது. கவுண்டரின் மேல் கண்ணாடியில் சீலிங் ஸ்பாட்லைட் ஆறும் ஆறு வெள்ளைப் பொட்டாக விழுந்திருக்கிறது, அதில் ஒன்று சரியாக ஆரத்தின் பதக்கத்து மேலேயே. முன் கண்ணாடியில் நான், ட்ரைபாட், என் கட்டம் போட்ட சட்டை. கடை அண்ணாச்சி பார்த்துவிட்டு, "தம்பி, நகையை எடுக்கச் சொன்னேன், உங்களை எடுத்திருக்கீங்க"ன்னார்.

அன்றைக்கும் லென்ஸில் போலரைசர் ஃபில்டர் போட்டுத்தான் இருந்தேன். அப்புறம் ஏன் சொதப்பியது? அங்கேதான் விஷயமே இருக்கிறது. கண்ணாடியில் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் அதிரும், அந்தத் திசையை அடைக்கிற மாதிரி ஃபில்டரைத் திருப்பினால் பிரதிபலிப்பு மறையும். ஆனால் படுத்திருக்கிற மேல் கண்ணாடியிலிருந்து வருவது கிடைமட்டமாக அதிரும், நின்றுகொண்டிருக்கிற கண்ணாடியைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் அதிலிருந்து வருவது செங்குத்தாக அதிரும். ஃபில்டரைத் திருப்பி ஒன்றை அடைத்தால் இன்னொன்று தாராளமாக உள்ளே வரும். அன்றைக்கு நான் ரெண்டுக்கும் நடுவில் வைத்து ரெண்டையும் கெடுத்தேன்.

சரி, இன்றைக்கு எப்படி என்று பாருங்கள். முதலில் நிற்கிற இடம். கண்ணாடிப் பரப்போடு ஏறக்குறைய 34 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் ஃபில்டர் முழுசாக வேலை செய்யும். கணக்கு சுலபம்: கவுண்டர் கண்ணாடியைவிட ரெண்டு அடி உயரத்தில் கேமரா, நகையிலிருந்து மூன்று அடி தள்ளி. வைடு லென்ஸ் வேண்டாம், ஒரே கண்ணாடியில் ஒரு ஓரம் ஒரு சாய்வு, மறு ஓரம் வேறு சாய்வு என்று ஆகி, பாதி தெளிவாகவும் பாதி வெளுப்பாகவும் வரும். நான் 50 மிமீ போட்டிருக்கிறேன். ஃபில்டர் ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும், ஆனால் ட்ரைபாட் இருப்பதால் ஷட்டரை மெதுவாக்கிக்கொள்ளலாம், ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டாம்.

ஒரே இடத்திலிருந்து மூன்று ஷாட் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாக வந்த பகுதியை மட்டும் அப்புறம் ஒரே படமாகச் சேர்க்கப் போகிறேன். ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர் மூன்றும் மேனுவலில் பூட்டியாச்சு. முதல் ஷாட், மேல் கண்ணாடி தெளியும்வரை ஃபில்டரைத் திருப்பி. ரெண்டாவது, அங்கிருந்து 90 டிகிரி திருப்பி, முன் கண்ணாடிக்கு. மூன்றாவது, சீலிங் ஸ்பாட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஷோகேஸுக்குள் இருக்கிற எல்இடி மட்டும். எந்தக் கோணத்திலும் போகாத பொட்டு ஒன்றிரண்டு கண்டிப்பாக மிஞ்சும், அந்த இடத்துக்கு இந்த மூன்றாவது படம்தான் மருந்து. ஃபில்டரைத் திருப்பும்போது கேமரா அசையாமல் மெதுவாக, ரெண்டு செகண்ட் டைமர் வைத்து எடுங்கள். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் சங்கிலிக் கண்ணி எல்லாம் இரட்டையாகத் தெரியும்.

இதில் ஒரு சௌகரியம், தங்கத்தின் மினுக்கு போகாது. உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை இந்த ஃபில்டர் பெரிதாகத் தொடாது. இந்தக் காசுமாலையைப் பாருங்கள், மேலே கண்ணாடி இருப்பதே தெரியவில்லை, ஒவ்வொரு காசின் விளிம்பும் மட்டும் பளிச்சென்று நிற்கிறது. அதே காரணத்தால் அந்தப் பளிச்சு கண்ணைக் குத்தினால் ஃபில்டரைத் திருகி பிரயோசனமில்லை, ஸ்பாட்டின் தலையைக் கொஞ்சம் திருப்பித்தான் ஆக வேண்டும்.

நேருக்கு நேராக நிற்கிற கண்ணாடிக்கு, அதோ அந்தச் சுவர் ஷோகேஸ் மாதிரி, ஃபில்டர் சுத்தமாக உதவாது. அதற்கு விளக்குத்தூண் பக்கம் வாங்கின கறுப்பு வெல்வெட் துணி, நடுவில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை, கேமராவுக்கு முன்னால் திரை மாதிரி கட்டி, ஓட்டை வழியாக லென்ஸை மட்டும் நீட்டிவிட்டேன். சட்டையும் இன்றைக்குக் கறுப்பு.

ஒரு பயம் வரும், சொல்லிவிடுகிறேன். சில கண்ணாடியில் வரிசையாக நிழல் புள்ளி தெரியும். துடைத்துத் துடைத்துக் கை வலித்ததுதான் மிச்சம். அது அழுக்கு இல்லை, டஃபன்டு கண்ணாடியைச் சூடாக்கிக் குளிர்வித்த தடம், போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுக் கார் பின்கண்ணாடியைப் பார்த்தால் தெரியுமே, அதேதான். ஃபில்டரைக் கொஞ்சம் திருப்பினால் மங்கிவிடும்.

மூன்றையும் லேயராக அடுக்கி, மாஸ்க் போட்டு, லேப்டாப்பில் அண்ணாச்சிக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "கண்ணாடியே இல்லாத மாதிரி இருக்கே தம்பி, பாக்கிறவன் நகை சும்மா திறந்து கிடக்குன்னு நினைக்கப் போறான்." அவர் சொன்னதும் நியாயம்தான், அதனால் மேல் கண்ணாடி லேயரை 80 சதவீதத்துக்கு இறக்கி, விளிம்பில் ஒரு மெல்லிய கோடு மட்டும் திரும்ப வரவிட்டிருக்கிறேன்.