மார்க்ஷீட் துலைஞ்சு போச்சோ? பதிவாளருக்கு எழுதுற கடிதம் இப்பிடி இருக்கட்டும்

வணக்கம் உறவுகளே. இண்டைக்குக் கடற்கரையும் இல்லை, மீன் சந்தையும் இல்லை. போன கிழமைப் படிவம் நிரப்புற வீடியோவுக்குக் கீழ ஒரு தங்கச்சி, பதிவாளருக்கு எழுதின கடிதத்தைப் படம் எடுத்துப் போட்டு, "இது சரியோ அண்ணா" எண்டு கேட்டிருந்தா. இரண்டு பக்கம்! முதல் பக்கம் முழுக்க வீட்டுக் கஷ்டம். எந்த மார்க்ஷீட் துலைஞ்சதெண்டு இரண்டாம் பக்கத்தின்ர கடைசி வரியிலதான் வருது. எனக்குச் சரியான கவலையாப் போச்சு. கடிதத்தைப் பிரிக்கிறவர் முதல்ல தேடுறது உங்கட பதிவிலக்கத்தை. அது கண்ணில படாட்டி அந்தக் கடிதம் ஒரு பக்கமாக் கிடக்கும்.

முதல்ல ஒண்டு. ஓ-லெவல், ஏ-லெவல் பெறுபேறு துலைஞ்சால் அது பத்தரமுல்லை பெலவத்தையில இருக்கிற பரீட்சைத் திணைக்களத்தின்ர வேலை. பதிவாளருக்கு எழுதுறது பல்கலைக்கழக மார்க்ஷீட்டுக்கு மட்டும்.

சரி, தங்கச்சியின்ர கடிதத்தை ஒரு பக்கத்துக்குள்ள கொண்டு வருவம். மேல உங்கட விலாசம், திகதி. பிறகு "பதிவாளர்" எண்டு போட்டுப் பல்கலைக்கழகத்தின்ர பெயர். அதுக்குக் கீழ தலைப்பு: "தொலைந்த மார்க்ஷீட்டுக்குப் பதிலாக இரண்டாம் பிரதி கோரல்". தலைப்புக்குக் கீழயே முழுப்பெயர், பதிவிலக்கம், பீடம், படிச்ச ஆண்டு, நாலும் நாலு வரியா. அதுக்குப் பிறகுதான் விஷயம். நான் திருத்தினது இப்பிடி:

"02.03.2025 அன்று காலை திருகோணமலையிலிருந்து கிண்ணியா சென்ற பஸ்ஸில் எனது கைப்பை தொலைந்தது. அதில் எனது இரண்டாம் வருட முதலாம் செமஸ்டர் மார்க்ஷீட்டின் மூலப்பிரதி இருந்தது. தேடியும் கிடைக்கவில்லை. அன்றே பொலிஸில் முறைப்பாடு செய்துள்ளேன். அதன் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. எனக்கு இரண்டாம் பிரதி ஒன்றை வழங்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். மூலப்பிரதி பின்னர் கிடைத்தால் உடனடியாகத் தங்களிடம் ஒப்படைப்பேன்."

அவ்வளவுதான். அந்தக் கடைசி வரியை ஒருத்தரும் எழுதுறேல்லை, எனக்கு மிச்சம் பிடிச்ச வரி அதுதான். ஒரே ஆளின்ர கையில ஒரே மார்க்ஷீட் இரண்டு இருக்கக் கூடாது எண்டதுதான் பல்கலைக்கழகக்காரரின்ர பயம். அதுக்கு அவை கேட்க முன்னமே நீங்கள் பதில் சொல்லிப் போடுறியள்.

இப்ப பொலிஸ் முறைப்பாடு. கனபேர் அங்க போய் "சேட்டிபிகேட் துலைஞ்சு போச்சு" எண்டு மட்டும் சொல்லிப் போட்டு வருகினம். முறைப்பாட்டிலயும் அப்பிடித்தான் எழுதுப்படும். கடிதத்தில மார்க்ஷீட், பொலிஸ் பிரதியில சேட்டிபிகேட். துலைஞ்சது எதெண்டு அவைக்கு எப்பிடித் தெரியும்? என்ன பத்திரம், எந்த வருடம், எந்த செமஸ்டர், பதிவிலக்கம் என்ன எண்டு ஒரு துண்டில எழுதிக்கொண்டு போய்க் குடுங்கோ. எழுதி முடிஞ்சதும் வாசிச்சுப் பாத்திட்டுத்தான் கையெழுத்து வைக்கோணும். திகதியும் இடமும் கடிதத்தில இருக்கிறதோட ஒத்து வரோணும். சத்தியக் கடதாசியும் கேட்டால், சமாதான நீதவானிட்ட அதே விவரத்தோட எடுங்கோ.

இரண்டாம் பிரதிக்குப் பணம் கட்டின சிட்டைக்கு வருவம். இதை நான் விடமாட்டன்! வங்கி மெஷினில காசு போட்டால் வாற அந்த மினுமினுப்புக் கடதாசி இருக்கே, அது சூடு பட்டு எழுத்து விழுற கடதாசி. வெயிலுக்க மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழ வச்சுக்கொண்டு போனால் முழுக்கக் கறுத்துப் போகும், பர்சுக்குள்ள கன நாள் கிடந்தால் வெள்ளையாப் போகும். அதால காசு கட்டின கையோட போட்டோ கொப்பி இரண்டு எடுங்கோ. ஒண்டில உங்கட பதிவிலக்கத்தைப் பேனையால எழுதிக் கடிதத்தோட வையுங்கோ, மற்றது வீட்டில. கட்டணம் எவ்வளவெண்டு கட்ட முன்னம் பல்கலைக்கழகத்தின்ர பரீட்சைக் கிளைக்கு ஒருக்கா கோல் எடுத்துக் கேளுங்கோ. கூட்டாளி போன வருஷம் கட்டின தொகையைக் கட்டாதேங்கோ.

ஐயோ, பெயர் விஷயத்தைச் சொல்ல மறந்திட்டன், மேல போவம். பெயர் நீங்கள் பல்கலைக்கழகத்தில பதியேக்க எப்பிடிக் குடுத்தியளோ அப்பிடியே, ஒரு ஆங்கில எழுத்தும் மாறாமல். கலியாணத்துக்குப் பிறகு பெயர் மாறியிருந்தாலும் பழைய பெயரை எழுதி, விவாகப் பதிவுப் பிரதியைச் சேருங்கோ. அடையாள அட்டையும் அப்பிடித்தான். படிக்கேக்க 9 இலக்கமும் ஒரு எழுத்தும், இப்ப புது அட்டையில 12 இலக்கம் எண்டால், இரண்டையும் எழுதுங்கோ. அவையின்ர பதிவில பழசுதான் கிடக்கும்.

எல்லாத்தையும் பதிவுத் தபாலில போடுங்கோ. உங்கட விலாசம் எழுதி முத்திரை ஒட்டின கவர் ஒண்டும் உள்ளுக்க. தபால் கந்தோரில தாற துண்டில ஒரு இலக்கம் இருக்கும், அதைப் படம் எடுத்து வையுங்கோ. பிறகு கோல் எடுக்கேக்க "கடிதம் அனுப்பினனான்" எண்டு சொல்லாமல் பதிவிலக்கத்தையும், அனுப்பின திகதியையும், அந்தத் துண்டு இலக்கத்தையும் சொல்லுங்கோ. தங்கச்சி, திருத்தின கடிதத்தைக் கொமெண்டில முதலாவதாப் போட்டிருக்கிறன். உங்கட பதிவிலக்கத்தை எடுத்துப் போட்டன், நீங்களும் அந்தப் படத்தை அழிச்சு விடுங்கோ.