பெட்டியில் அச்சிட்டிருக்கும் இரண்டு எண்கள்

வணக்கம். நண்பர் ஒருவர் தன் வீட்டு முற்றத்தில் செயற்கை நீரூற்றுக்காக வட்டத் தொட்டி கட்டி, ஐந்து நாசில் வைத்தார். தண்ணீர் 2 மீட்டர் உயரம் எழும்ப வேண்டும் என்பது அவர் ஆசை. பம்ப் பெட்டியில் ‘5 மீட்டர், 150 லிட்டர்’ என்று போட்டிருந்ததால் தாராளமாகப் போதும் என்று வாங்கிவிட்டார். சுவிட்சைப் போட்டால், தண்ணீர் இடுப்புயரம்கூட எழும்பவில்லை. பம்ப் பழுது என்றே நினைத்தார்.

பழுது இல்லை. அந்த இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் கிடைக்காது. 5 மீட்டர் உயரத்துக்குத் தள்ளும்போது தண்ணீர் வெளியே வராது. நிமிடத்துக்கு 150 லிட்டர் வரும்போது உயரமே இருக்காது. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு என்பதை பம்போடு வரும் அட்டவணைதான் சொல்லும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, அவருக்கு எவ்வளவு தேவை? 10 மில்லிமீட்டர் நாசிலில் தண்ணீர் 2 மீட்டர் எழும்ப நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர் வேண்டும். ஐந்துக்கு 150. காற்று தடுப்பதால் நாசிலடியில் ஏறக்குறைய 2.4 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமமான அழுத்தம் இருக்க வேண்டும். நாசில், தண்ணீர் மட்டத்துக்கு அரை மீட்டர் மேலே; அதையும் கூட்ட வேண்டும். கவனியுங்கள், தண்ணீர் மட்டத்திலிருந்து. பம்ப் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பது கணக்கில் இல்லை.

அப்புறம் பைப். அவர் போட்டது 32 மில்லிமீட்டர், 10 மீட்டர் நீளம். 150 லிட்டர் அதில் ஓடினால் உராய்விலேயே 3 மீட்டர் போய்விடும். அதையே 50 மில்லிமீட்டராகப் போட்டால் இழப்பு 30 சென்டிமீட்டர்தான். அந்த 2.4 மீட்டர், அரை மீட்டர், 30 சென்டிமீட்டரோடு வளைவுகள், வடிகட்டிச் சல்லடை எல்லாம் சேர்த்து மொத்தம் 4 மீட்டர் என்று வைத்தோம். அதாவது 4 மீட்டரில் 150 லிட்டர் தரும் பம்ப். பைப்பையும் பம்பையும் மாற்றினார், தண்ணீர் எழும்பியது. கொஞ்சம் கூடுதலாகவே வாங்கி, வால்வால் குறைத்துக்கொள்ளலாம்.

தொட்டியின் விட்டம், தண்ணீர் எழும்பும் உயரத்தைப் போல இரண்டு மடங்கு, 4 மீட்டர். அதைவிடச் சிறிதானால் லேசான காற்றுக்கே சிதறல் வெளியே விழும்.

வடிகட்டலுக்குத் தனியாக ஒரு சிறிய பம்ப் வையுங்கள். ஒரே பம்பாக இருந்தால், ஃபில்டர் அடைக்க அடைக்க ஊற்றின் உயரமும் இறங்கும். எல்லா நாசிலும் ஒன்றாக இறங்கினால் சல்லடையைப் பாருங்கள். ஒன்று மட்டும் சாய்ந்தால் அந்த நாசிலைக் கழற்றுங்கள்.

நேரம் முடிகிறது, ஆவியாதலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 4 மீட்டர் தொட்டியில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் குறைந்தால் 63 லிட்டர். மிதவை வால்வு அதை நிரப்பிவிடும். வால்வை மூடி, ஊற்றை நிறுத்தி, ஓர் இரவு மட்டத்தைக் குறித்துப் பாருங்கள். அப்போதும் நன்றாக இறங்கினால் தொட்டியிலோ பைப்பிலோ கசிவு இருக்கிறது. வணக்கம்.