குழந்தையின் பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் இல்லையென்றால் டிக்கெட் போடலாமா?

"அண்ணா, தண்டையார்பேட்டையிலிருந்து கேட்கிறேன். டிசம்பர் 20 கோலாலம்பூர் போய், பஸ்ஸில் சிங்கப்பூர், 28 அங்கிருந்து சென்னை. எங்கள் பாஸ்போர்ட் 2031 வரை இருக்கிறது. மகளுடையது மட்டும் அடுத்த ஜூன் 10 வரை. டிக்கெட் விலை குறைவாக இருக்கிறது, போட்டுவிடலாமா?"

இப்போதைக்குப் போடாதீர்கள்மா. மலேசியா, சிங்கப்பூர் இரண்டுமே பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மீதி இருக்கவேண்டும் என்கின்றன. டிசம்பர் 20 இறங்கினால் ஜூன் 20 வரை வேண்டும். மகளுக்குப் பத்து நாள் குறைகிறது. பெரியவர்களுக்குப் பத்து வருடம் கொடுக்கிறார்கள், குழந்தைக்குப் பெரும்பாலும் ஐந்து வருடம்தான். அதனால் குடும்பத்தில் முதலில் முடிவது குழந்தையுடையதுதான். யாரும் பார்ப்பதே இல்லை!

"பத்து நாள்தானே, பேசிப் பார்க்கலாம்" என்று மீனம்பாக்கம் கவுண்டரில் சொல்லிப் பயனில்லை. அங்கே இருப்பவர் டைமாட்டிக் என்ற விதித் தொகுப்பைப் பார்த்துத்தான் போர்டிங் பாஸ் கொடுப்பார். அந்த நாடு உங்களைத் திருப்பி அனுப்பினால், கூட்டிவரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும். அப்புறம் அவர் ஏன் இரக்கப்படப் போகிறார்?

ஆகவே முதலில் மகளுக்கு ரீஇஷ்யூ. காலாவதி ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். அவசரம் என்றால் தட்கல் இருக்கிறது. புதியதில் நம்பரும் மாறிவிடும். சிங்கப்பூர் விசாவை அந்தப் புது நம்பரில்தான் எடுக்கவேண்டும்.

காலிப் பக்கம் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. சரக்கு எடுக்க அடிக்கடி பாங்காக் போய்வரும் மண்ணடிக்காரர்களுக்குத்தான் 36 பக்கம் சீக்கிரம் நிரம்பும். அவர்கள் ரீஇஷ்யூ செய்யும்போது 60 பக்கம் கேட்டு வாங்கலாம். கடைசியில் பெற்றோர் பெயர், முகவரி இருக்கும் பக்கம் காலிக் கணக்கில் சேராது.

சரி, உங்கள் பயணத்தில் சிக்கலான இடம் வேறு. மலேசியாவுக்கு நமக்கு இப்போது முப்பது நாள் வரை விசா வேண்டாம்; போகும் சமயத்தில் அது நீடிக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அங்கிருந்து வெளியேறும் டிக்கெட்டைக் கேட்பார்கள். உங்களுடையது சிங்கப்பூரிலிருந்து கிளம்புகிறது. அதைக் காட்டினால் "சிங்கப்பூர் விசா எங்கே?" என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். விசா கையில் இல்லாவிட்டால் அந்த டிக்கெட் இருந்தும் இல்லாத மாதிரிதான். பஸ் டிக்கெட்டை மட்டும் நம்பி வரிசையில் நிற்காதீர்கள். இணையத்தில் முந்நூறு, நானூறுக்கு விற்கும் போலி டிக்கெட் பக்கமே போகவேண்டாம், பிஎன்ஆரைத் தட்டினால் தெரிந்துவிடும்.

விசா வருமா என்று சந்தேகம் இருந்தால் கோலாலம்பூரிலிருந்தே திரும்பும்படி டிக்கெட் போடுங்கள். விசா வந்தால் சிங்கப்பூர் போய்விட்டு பஸ்ஸில் கோலாலம்பூர் திரும்பலாம். அப்படிச் செய்தால் மலேசியாவுக்குள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள். இறங்குவதற்கு மூன்று நாள் முன்பு நிரப்பும் மலேசிய டிஜிட்டல் அரைவல் கார்டை மறுபடி நிரப்பவேண்டும், மகளுக்கும் சேர்த்து.