30 வயதுப் படத்திலிருந்து 65 வயது முகம்

வணக்கம் நேயர்களே. மேசைமேல் இருக்கும் இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பவர் நம் நேயர் ஒருவரின் சித்தப்பா. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். படம் எடுத்தபோது வயது 30 இருக்கும். பிறகு தொடர்பு அறுந்துவிட்டது. அவர் 65 வயதில் எப்படி இருப்பார் என்று வரைந்து தரும்படி குடும்பத்தார் கேட்டிருக்கிறார்கள்.

கைப்பேசிச் செயலிகள் எடுத்த எடுப்பில் சுருக்கங்களைப் போட்டுவிடுகின்றன. நான் அவற்றைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன். முதலில் மெல்லிய தாளைப் படத்தின்மேல் விரித்து, இரண்டு கண்மணிகளுக்கும் இடையிலான தூரத்தைக் குறித்துக்கொள்கிறேன். வளர்ந்துவிட்ட முகத்தில் அந்த அளவு பெரிதாக மாறுவதில்லை. அடுத்து, கன்னக் கொழுப்பு தாழ்ந்து மூக்கோரத்திலிருந்து வாயோரம்வரை ஓடும் மடிப்பு ஆழமாவதையும், மூக்கு நுனி இறங்குவதையும், உதடு மெலிவதையும், காதுமடல் நீள்வதையும் வரைகிறேன். நம்மைப் போன்ற கருநிறத் தோலில் மெல்லிய கோடுகள் பொதுவாகத் தாமதமாகத்தான் வரும்; கண்ணைச் சுற்றிய கருமையும் கண்ணுக்குக் கீழே விழும் பள்ளமும் முந்திக்கொள்ளும். ஆகவே நெற்றி முழுவதும் கோடு கிழித்தால் அது வேறு யாரோ ஒருவரின் முதுமையாகிவிடும்.

முடிக்கு மட்டும் சித்தப்பாவுடைய அண்ணனின் 65 வயதுப் படத்தைத் துணைக்கு எடுத்துக்கொண்டேன். முன்வழுக்கை எந்த இடத்திலிருந்து ஏறியது என்பதை அதில் பார்க்கிறேனே தவிர, அண்ணனின் நெற்றியை அப்படியே பெயர்த்து ஒட்டுவதில்லை. 2010 ஜனவரியில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. வெளியிட்ட, வயது கூட்டிய பின்லேடன் படத்தில், இணையத்தில் கிடைத்த ஸ்பெயின் அரசியல்வாதி காஸ்பர் யமசாரெஸின் முடியும் நெற்றியும் ஒட்டப்பட்டிருந்தன. படத்தில் தம்முடைய நெற்றியைக் கண்டு அவரே திகைத்தார், எஃப்.பி.ஐ. அந்தப் படத்தை விலக்கிக்கொள்ள நேர்ந்தது.

பல் விஷயத்தில்தான் என் கை நின்றுவிடுகிறது. பற்கள் விழுந்தால் அவற்றைத் தாங்கிய தாடையெலும்பு கரையும். வாய் உள்ளிழுக்கும், மோவாய் முன்னே வந்ததுபோல் தோன்றும். அவர் பற்களை இழந்தாரா, பருத்தாரா, மெலிந்தாரா என்பதை 30 வயதுப் படம் சொல்லாது. டாக்சி ஓட்டியிருந்தால், நம் ஊரில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் என்பதால், கண்ணாடி வழியே விழும் வெயிலில் வலக் கன்னம் இடதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தளர்ந்திருக்கலாம். இதெல்லாம் என் ஊகம்.

அதனால் மூன்று படங்கள் தருகிறேன்: பல்லோடு ஒன்று, பல்லின்றி ஒன்று, சதைபோட்ட முகத்தோடு ஒன்று. யாரையாவது பார்த்து "இவர்தானோ?" என்று குடும்பத்தாருக்குத் தோன்றினால், என் கோடுகளை விட்டுவிட்டு, பழைய படத்தில் தெளிவாகத் தெரியும் இடக் காதின் உள்மடிப்புகளை ஒப்பிட வேண்டும், காது நீண்டாலும் அந்த அமைப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதுவும் பொருந்தினால் மரபணுச் சோதனைக்குப் போகலாம்.